இருபது இலட்சம் எத்தனை வருடத்துக்கு வரும்?

தோட்டத்தில் ஒருவர் பெயர் வெட்டி ஓய்வுக்குப் போகும் காலம் நெருங்கினால் லயத்து வாசலில் ஒரு கணக்குப் பேச்சு தொடங்கிவிடும். சேமலாப நிதி இவ்வளவு வரும், நம்பிக்கை நிதி இவ்வளவு வரும், சேவைக்காலப் பணம் இவ்வளவு வரும், எல்லாம் சேர்த்தால் இருபது இலட்சம். அதை வங்கியில் நிலையான வைப்பில் போட்டால் மாதம் பதின்மூன்றாயிரம் வட்டி. முதலில் கை வைக்காமல் வட்டியிலேயே காலத்தை ஓட்டிவிடலாம். இப்படித்தான் அந்தப் பேச்சு முடிகிறது. சில இடங்களில் படித்த பிள்ளைகளே இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்கிறார்கள்.

கூட்டல் பெருக்கலில் பிழை இல்லை. இருபது இலட்சத்துக்கு 8 வீத வட்டி என்றால் வருடத்துக்கு 160,000 ரூபா, மாதத்துக்கு 13,333 ரூபா. ஆனால் அரிசி, மா, மண்ணெண்ணெய், மருந்து எல்லாம் இன்றைய விலையிலேயே இன்னும் இருபது வருடம் நிற்கும் என்று அந்தக் கணக்கு நினைத்துக்கொள்கிறது. 2022ஆம் ஆண்டைக் கடந்து வந்த நாம் அப்படி நினைக்கக் கூடாது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய செப்டெம்பரை விட 69.8 வீதம் உயர்ந்திருந்தது. அதே வருடத்துக்குச் சேமலாப நிதி அறிவித்த வட்டி 9 வீதம். அதன் பிறகு பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். குறைந்தது விலை அல்ல, விலை ஏறும் வேகம். ஏறிய விலை பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது.

ஆகவே, வருடா வருடம் செலவு கூடிக்கொண்டே போகும் ஒரு குடும்பத்துக்கு ஓய்வு நாளன்று கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கேள்வியை இம்முறை எடுத்துக்கொள்கிறோம். இதற்கு ஒரு முறையான கணக்கு இருக்கிறது. காப்புறுதிக் கம்பெனிகளும் ஓய்வூதிய நிதிகளும் போடும் கணக்குத்தான் அது. கைத்தொலைபேசியில் உள்ள கல்குலேட்டரில் நாமும் அதைப் போடலாம்.

முதலில் அந்த இருபது இலட்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி நாட்சம்பளத் தொழிலாளிக்குப் பூர்த்தியான ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். அதுவும் கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால் ஒரு வருடத்துக்கு 18,900 ரூபா. முப்பது வருட சேவைக்கு 567,000 ரூபா. மீதி சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும். சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதமும் நிர்வாகத்தின் பங்காக 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் மட்டும் 3 வீதமும் கட்ட வேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சேவைக்காலப் பணம் கடைசிச் சம்பளத்தில் கணக்கிடப்படுவதால், நாம் வேலை செய்த காலத்து விலையேற்றம் ஓரளவுக்கு அதற்குள் வந்துவிடுகிறது. சேமலாப நிதி அப்படியல்ல. நாட்சம்பளம் நூறு ரூபாவாக இருந்த காலத்தில் கட்டிய பணம் நூறு ரூபாச் சம்பளத்துக்கான பணம்தான், அதற்கு வந்த வட்டி மட்டுமே அதை வளர்த்தது. நீண்ட சேவை இருந்தும் நிதியில் எதிர்பார்த்த தொகை இல்லையே என்று பலர் அதிர்ச்சி அடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிதிக் கணக்கு ஆளுக்கு ஆள் வேறுபடும். இந்தக் கட்டுரைக்கு மூன்றும் சேர்ந்து இருபது இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். அறுபது வயதில் ஓய்வு பெறும் ஒரு கொழுந்துத் தொழிலாளியை எடுப்போம். பிள்ளைகள் கொடுப்பதும் வீட்டுத் தோட்டத்தில் வருவதும் போக, அவர் தன் சேமிப்பிலிருந்து மாதம் 15,000 ரூபா எடுக்க வேண்டியிருக்கிறது. வருடத்துக்கு 180,000. எண்பது வயது வரைக்குமாவது, அதாவது இருபது வருடத்துக்கு, அந்தப் பணம் வர வேண்டும்.

வட்டி 8 வீதம், விலையேற்றம் 6 வீதம் என்று எடுத்துக்கொள்கிறோம். 8 வீதம் என்பது 2025இல் வங்கிகள் நிலையான வைப்புக்குக் கொடுத்துவந்த வட்டியை ஒட்டியது. 2023 தொடக்கத்தில் சில இடங்களில் 20 வீதத்துக்கு மேலும் கிடைத்தது, ஆனால் அதை நம்பி இருபது வருடத்துக்குத் திட்டம் போட முடியாது. விலையேற்றத்தை 5 வீதத்தில் வைத்திருப்பதுதான் மத்திய வங்கியின் இலக்கு. நாம் ஒரு வீதம் கூட்டிக்கொண்டோம். முதியவர் ஒருவரின் செலவில் சாப்பாடும் மருந்தும் பஸ் கட்டணமும்தான் பெரும் பங்கு, அவை சுட்டெண் போகும் வேகத்தில்தான் போகும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

வட்டியை மட்டும் சாப்பிடுவோம் என்ற திட்டத்துக்கு இந்த 6 வீதம் என்ன செய்கிறது? மாதம் 15,000 வட்டி வர வேண்டுமென்றால் 22 இலட்சத்து 50,000 வைப்பில் இருக்க வேண்டும். அவ்வளவு இருக்கிறது என்றே வைப்போம். மாதாமாதம் 15,000 தவறாமல் வரும், முதலும் குறையாது, வங்கிப் புத்தகத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் பன்னிரண்டு வருடத்தில் கடையில் விலை இரண்டு மடங்காகிவிடும், அந்த 15,000க்கு இன்றைக்கு 7,500க்கு வாங்கும் சாமான்தான் கிடைக்கும். இருபதாவது வருடம் முடியும்போது இன்றைய கணக்கில் 4,700 ரூபாவுக்குக்கூடச் சாமான் வராது. உடம்பு தளர்ந்து மருந்துச் செலவு கூடும் வயதில் வருமானம் மூன்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். இந்த இழப்பு புத்தகத்தில் எழுதப்படாததால், கடைக்குப் போய்ப் பை நிறையாதபோதுதான் அது தெரியவரும்.

இனி முறையான கணக்கு. இருபது வருடத்துக்கும் இருபது சுருக்குப்பைகளை வரிசையாக வைப்போம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பையும் ஒரு வருடச் செலவுக்கு. இன்றைக்கு ஒவ்வொரு பையிலும் எவ்வளவு போட வேண்டும் என்பதுதான் கேள்வி. முதல் வருடப் பையில் 180,000. அதை உடனே எடுக்கப்போகிறோம், வட்டிக்கு இடமில்லை. இரண்டாம் வருடத்தில் செலவு 6 வீதம் கூடி 190,800 ஆகிவிடும். ஆனால் அந்தப் பை ஒரு வருடம் வட்டியில் இருக்கும். ஆகவே இன்றைக்கு 190,800 முழுவதையும் போடத் தேவையில்லை. 1.08 ஆல் வகுத்தால் 176,667 வரும், அது போதும். மூன்றாம் வருடத்துக்குத் தேவை 202,248. இரண்டு வருட வட்டி சேரும் என்பதால் இன்றைக்குப் போட வேண்டியது 173,395. இப்படியே போனால் பத்தாவது வருடத்துக்கு 304,106 தேவைப்படும், இன்றைக்கு 152,000 வைத்தால் சரி. இருபதாவது வருடத்தில் ஒரு வருடச் செலவே ஐந்தரை இலட்சத்தை நெருங்கிவிடும், அதற்கு இன்றைக்கு வைக்க வேண்டியது 126,000.

பைக்குப் பை தொகை குறைகிறது, ஆனால் மிக மெதுவாகத்தான் குறைகிறது. விலையே ஏறாது என்று கணக்குப் போட்டிருந்தால் இருபதாவது பையில் 42,000 போட்டாலே போதும் என்று வந்திருக்கும். விலையேற்றத்தைச் சேர்த்ததும் அதே பைக்கு மூன்று மடங்கு தேவைப்படுகிறது. பின்னால் இருக்கும் பைகளில்தான், நமக்கு உழைக்கத் தெம்பில்லாத வருடங்களின் பைகளில்தான், தவறான கணக்கு அதிகம் குறைத்துப் போடுகிறது.

இருபது பைகளையும் கூட்டினால் 30 இலட்சத்து 30,000 ரூபா வருகிறது. விலையேற்றத்தை மறந்து கூட்டினால் 19 இலட்சத்து 10,000 மட்டுமே. பல குடும்பங்கள் இருபது இலட்சம் இருக்கிறது, போதும் என்று நினைப்பது இந்த இரண்டாவது தொகையைத் தெரிந்தோ தெரியாமலோ பிடித்துக்கொண்டுதான். நடுவில் பதினொரு இலட்சத்துக்கு மேல் பள்ளம் இருக்கிறது.

இருபது பைகளையும் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பையும் முந்திய பையின் ஒரே பங்காகக் குறைவதால் இது பெருக்கல் விருத்தி. சாதாரண தரத்தில் கணிதம் படிக்கும் பிள்ளையிடம் கேட்டால் உடனே செய்து தரும். 1.06 ஐ 1.08 ஆல் வகுத்தால் 0.98148. இதை இருபது தடவை வைத்து ஒன்றோடொன்று பெருக்கினால் 0.688. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.312. ஒன்றிலிருந்து 0.98148 ஐக் கழித்தால் 0.01852. முந்தியதைப் பிந்தியதால் வகுத்தால் 16.8 வரும். முதல் வருடச் செலவை 16.8 ஆல் பெருக்கினால் தேவையான தொகை. மாதம் 10,000 போதும் என்பவருக்கு 120,000 ஐ 16.8 ஆல் பெருக்கி 20 இலட்சத்துச் சொச்சம். மாதம் 20,000 வேண்டும் என்பவருக்கு நாற்பது இலட்சம். வட்டியும் விலையேற்றமும் ஒரே வீதமாகிவிட்டால் கல்குலேட்டரே வேண்டாம், இருபது வருடத்துக்கு இருபது மடங்கு, அவ்வளவுதான். வட்டி எவ்வளவு என்பதை விட, வட்டி விலையேற்றத்தை எவ்வளவு முந்துகிறது என்பதுதான் இந்த எண்ணைத் தீர்மானிக்கிறது. 20 வீத வட்டி கிடைத்த காலத்தில் விலை 60 வீதம் ஏறியிருந்தால் அந்த வட்டியில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

சரி, முப்பது இலட்சம் இல்லை, இருபதுதான் இருக்கிறது. அப்போது என்ன நடக்கும்? நம் கொழுந்துத் தொழிலாளி முதல் வருடம் 180,000 எடுக்கிறார். மீதி 18 இலட்சத்து 20,000க்கு வட்டி சேர்ந்து வருட முடிவில் 19 இலட்சத்து 65,600 இருக்கிறது. ஒரு வருடம் சாப்பிட்டும் 34,400தானே குறைந்தது என்று தோன்றும். மூன்றாம் வருட முடிவிலும் பதினெட்டரை இலட்சம் இருக்கும். மனிதர்கள் ஏமாறும் இடம் இதுதான். முதல் சில வருடங்களில் பணம் கரைவதே தெரியாது. அந்தத் தைரியத்தில் உறவுக்காரருக்குக் கடன் கொடுப்பார்கள், பேரனுக்குக் கைபேசி வாங்குவார்கள். எட்டாம் வருட முடிவில் பன்னிரண்டு இலட்சம். பத்தாம் வருட முடிவில் ஏழு இலட்சத்து நாற்பதாயிரம். அதன் பிறகு வேகமாகச் சரிந்து, பன்னிரண்டாம் வருட முடிவில் 118,000 மிஞ்சும். பதின்மூன்றாம் வருடத்துக்குத் தேவைப்படுவதோ 362,000. அந்த வருடத்தில் நான்கு மாதத்தோடு கணக்கு மூடிவிடும். அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது.

இதிலும் விலை ஒழுங்காக 6 வீதம்தான் ஏறும் என்று வைத்திருக்கிறோம். 2022 போல ஒரு வருடம் நடுவில் வந்தால்? மூன்றாம் வருடத்தில் மட்டும் செலவு ஒரேயடியாக 50 வீதம் ஏறி, பிறகு வழக்கம்போல 6 வீதமாகப் போகிறது என்று வைத்துப் பார்த்தோம். பணம் ஒன்பது வருடத்தோடு முடிந்துவிடுகிறது. அதே அடி பத்தாவது வருடத்தில் விழுந்தால் பதினொரு வருடமும் நான்கு மாதமும் தாங்குகிறது. ஒரே அளவு அடிதான், ஆனால் ஓய்வு பெற்ற உடனே விழுந்தால் மூன்று வருடத்துக்கு மேல் போகிறது, பிந்தி விழுந்தால் ஒரு வருடம் போகிறது. தொடக்கத்தில் ஏறிய விலை அதன் பின்னால் வரும் ஒவ்வொரு பையையும் பெரிதாக்கிவிடுகிறது. 2021இலும் 2022இலும் ஓய்வு பெற்ற நம் ஆட்கள் மற்றவர்களை விட மோசமாக அடிபட்டதற்கு அவர்களுடைய ஊதாரித்தனம் காரணம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இருபது இலட்சத்தை வைத்துக்கொண்டு இருபது வருடம் போக வேண்டுமானால், அதை 16.8 ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். முதல் வருடத்துக்கு 118,700, மாதம் ஏறக்குறைய 9,900 ரூபா. அடுத்த வருடம் 6 வீதம் கூட்டி எடுக்கலாம், அதற்கடுத்த வருடம் மறுபடி 6 வீதம். வட்டியே மாதம் 13,333 வரும்போது 9,900 மட்டும் எடுப்பது கஷ்டமாகத்தான் இருக்கும். எடுக்காமல் விட்ட மூவாயிரத்துச் சொச்சம்தான் பின்னால் வரும் வருடங்களின் விலையேற்றத்துக்கான பணம். ஓய்வுக்குப் பிந்திய முதல் வருடங்களில் வட்டி முழுவதையும் சாப்பிடுகிறவர் முதலையே சாப்பிடுகிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வருடத்துக்கொரு முறை, தைப்பொங்கலுக்கு முன்னர் என்று வைத்துக்கொள்வோம், வங்கிப் புத்தகத்தை எடுத்து மீதித் தொகையை அந்த வருடச் செலவால் வகுத்துப் பாருங்கள். இன்னும் பதினைந்து வருடம் போக வேண்டுமானால் 13.2 வர வேண்டும். பத்து வருடத்துக்கு 9.2. ஐந்து வருடத்துக்கு 4.8. நம் உதாரணத் தொழிலாளி ஆறாம் வருடத் தொடக்கத்தில் இதைச் செய்து பார்த்தால் கையில் பதினாறரை இலட்சம் இருக்கும், மனத்துக்கு நிம்மதியாகவும் இருக்கும். ஆனால் அந்த வருடச் செலவு 240,900 ஆகிவிட்டதால் வகுத்தால் 6.9தான் வரும். வேண்டியது 13.2. எழுபத்திரண்டு வயதில் தெரியவேண்டியது அறுபத்தைந்திலேயே தெரிந்துவிடும். அப்போது செலவைக் குறைக்கவோ, பிள்ளைகளுடன் பேசவோ, உடம்பில் தெம்பிருந்தால் சில நாட்கள் கைக்காசு வேலைக்குப் போகவோ வழி இருக்கும்.

வைப்புப் போடுவதற்கு முன்னரே போகும் பணத்தையும் சொல்ல வேண்டும். மகளின் கல்யாணம், வீட்டுக் கூரை, அடகு நகை, மகனின் முச்சக்கர வண்டிக்கு முற்பணம். இவற்றில் எதையும் வீண் செலவு என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் விலை என்ன என்று தெரிந்து செய்ய வேண்டும். முதல் மாதமே ஐந்து இலட்சம் போய்விட்டால் மீதிப் பதினைந்து இலட்சம் ஒன்பது வருடம்தான் வரும். எழுபத்திரண்டு வயது வரை வரவிருந்தது அறுபத்தொன்பதோடு நின்றுவிடும். முச்சக்கர வண்டிக்குக் கொடுத்தால், மாதாமாதம் இவ்வளவு அம்மாவுக்கு என்று மகனிடம் முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. பேசாமல் விட்டால் பிறகு அதைக் கேட்பது எவ்வளவு சங்கடம் என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு சிறிய விடயம், ஆனால் தொகை சிறியதல்ல. வைப்பு வட்டியில் 2025 ஏப்ரல் தொடக்கம் 10 வீதம் வரியாகக் கழிக்கப்படுகிறது. வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் தன் வருமானம் பற்றிய பிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால் கழிக்க மாட்டார்கள். நம் ஓய்வு பெற்றவர்களில் அநேகமாக எல்லோரும் இதற்குத் தகுதியானவர்கள். கொடுக்காவிட்டால் 8 வீத வட்டி கையில் 7.2 வீதமாகிவிடும், தேவைப்படும் தொகை 30 இலட்சத்து 30,000 இலிருந்து 32 இலட்சத்து 40,000 ஆகிவிடும். ஒரு படிவத்தின் பெறுமதி இரண்டு இலட்சம் ரூபா. வங்கியில் தமிழில் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

இதுவரை ஒவ்வொரு குடும்பமும் தானாகச் செய்யக்கூடியதைச் சொன்னோம். ஆனால் 9,900 ரூபாவில் மாதம் ஓட்டு என்று முப்பது வருடம் மலை ஏறி இறங்கியவரிடம் சொல்லிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. பதினொரு இலட்சத்துப் பள்ளம் சிக்கனத்தால் மட்டும் நிரம்பாது. மூன்று விடயங்களில் சங்கம் போராட வேண்டும் என்பது எமது கருத்து.

முதலாவது, சம்பளப் பேச்சுவார்த்தையில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு என்று பிரிக்கும் இடம். வருகைக்கு இவ்வளவு, உற்பத்தித்திறனுக்கு இவ்வளவு என்று ஒரு பகுதியை வெளியே வைத்துவிட்டால் சம்பள நாளன்று கையில் வரும் காசு ஒன்றாகத்தான் தெரியும். வித்தியாசம் ஓய்வு நாளன்றுதான் தெரியும். நாளுக்கு 200 ரூபா அடிப்படைக்கு வெளியே நின்றால் முப்பது வருட சேவைக்காரருக்குச் சேவைக்காலப் பணத்தில் மட்டும் 84,000 குறையும். மாதம் 22 நாள் வேலை செய்பவருக்குச் சேமலாப நிதியில் மாதம் 880 ரூபா சேராமல் போகும், அதற்கு வரவேண்டிய வருடக்கணக்கான வட்டியும் சேராது. ஆகவே மொத்தத் தொகையைக் கேட்டுக் கைதட்டுவதற்கு முன்னர் அதில் எவ்வளவு அடிப்படை என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, காலம் கடத்துதல். சேவைக்காலப் பணத்தை வேலை முடிந்து முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றும், பிந்தினால் மேலதிகப் பணம் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் தவணை முறையில் தருகிறோம், அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லும் தோட்டங்கள் இருக்கின்றன. 567,000 ரூபா இரண்டு வருடம் பிந்தி அதே 567,000 ஆக வந்தால், 6 வீத விலையேற்றத்தில் அதன் பெறுமதி ஏறக்குறைய 505,000தான். 62,000 ரூபாவை யாரும் களவெடுத்ததாகத் தெரியாது, ஆனால் அது போய்விட்டது. அந்த இரண்டு வருடமும் குடும்பம் கடன் வாங்கிச் சாப்பிட்டிருக்கும், அது வேறு. பிந்திய பணத்தை மேலதிகம் இல்லாமல் வாங்கிக் கையெழுத்துப் போடாதீர்கள், முதலில் தலைவரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது கொஞ்சம் விவாதத்துக்குரியது. ஊழியர் சேமலாப நிதி மொத்தமாகத்தான் கையில் வருகிறது. அரச ஊழியருக்கு மாத ஓய்வூதியம் இருக்கிறது, நமக்கு இல்லை. விரும்புகிற தொழிலாளி தன் பணத்தை நிதியிலேயே விட்டுவைத்து, மாதாமாதம் ஒரு தொகையாக, வருடா வருடம் விலைக்கேற்பக் கூடும் தொகையாக எடுத்துக்கொள்ள வழி வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். இப்படிச் சொன்னதும் சில தோழர்கள் கோபப்படுவார்கள். காரணம் இருக்கிறது. 2011இல் தனியார் துறை ஓய்வூதியம் என்று ஒரு சட்டமூலம் கொண்டுவரப்பட்டபோது, அது தங்கள் சேமலாப நிதியில் கைவைக்கும் என்று தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். கட்டுநாயக்கவில் பொலிஸார் சுட்டதில் ஓர் இளம் தொழிலாளி உயிரிழந்தார். பிறகு அரசாங்கம் அந்தச் சட்டமூலத்தைக் கைவிட்டது. அந்தப் பயத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அதனால்தான் விருப்பம் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறோம். பணம் தொழிலாளியின் பெயரிலேயே தனிக்கணக்கில் இருக்க வேண்டும், எந்த நேரமும் மீதியை மொத்தமாக எடுக்க உரிமை வேண்டும், இறந்தால் மீதி குடும்பத்துக்குப் போக வேண்டும். இந்த மூன்றும் இல்லாத எந்தத் திட்டத்தையும் எதிர்ப்போம். இந்த மூன்றும் இருந்தால், அறுபது வயதில் ஒரு பெண் இருபது இலட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடன் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய நிலை இல்லாமல் போகும். எங்கள் அனுபவத்தில் பணத்தைக் கரைப்பதில் விலையேற்றத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

பெண் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை தனியாக. ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. எடுக்க முடியும் என்பதற்காக ஐம்பதிலேயே எடுத்துவிட்டால் அந்தப் பணம் முப்பது வருடம் வர வேண்டும். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஓய்வு வயதை 60 ஆக்கியிருக்கிறது. வேலை செய்ய முடிகிற வரைக்கும் நிதியைத் தொடாமல் விட்டால், வரவேண்டிய பைகளின் எண்ணிக்கை பத்துக் குறையும், வட்டியும் சேரும்.

கடைசியாகப் பெயர் விடயம். சேமலாப நிதியில் பதியும்போது எழுதிய பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாததால் நம் தோட்டங்களில் எத்தனையோ பேரின் பணம் மாதக்கணக்கில் நிற்கிறது. ஒன்றில் தகப்பன் பெயர் முன்னால், மற்றதில் பின்னால், ஒன்றில் ஓர் எழுத்துக் கூட. ஐம்பது வயதைத் தாண்டிய எல்லோரும் தங்கள் பி கார்ட், அடையாள அட்டை, கடைசிச் சம்பளச் சிட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு தோட்டக் கமிட்டித் தலைவரிடமோ மாவட்டக் காரியாலயத்துக்கோ வாருங்கள். பெயரைச் சரிபார்த்து, நிதியில் இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்று எடுத்து, உங்கள் மாதச் செலவுக்கு எத்தனை வருடம் வரும் என்ற கணக்கையும் அங்கேயே போட்டுக் கையில் தருவோம்.